கட்டிய வரிக்கு மீண்டும் டிமாண்ட் வந்தால்

ரிட்டர்ன் தாக்கல் செய்தாயிற்று, பாக்கி வரியையும் கட்டியாயிற்று. சில மாதங்கள் கழித்து, பெங்களூருவில் இருக்கும் வருமான வரித் துறையின் மத்தியச் செயலாக்க மையத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. கட்டிய அதே தொகை இன்னும் பாக்கி இருக்கிறது, 30 நாளுக்குள் செலுத்துங்கள் என்கிறது அது.

இப்படி ஒரு டிமாண்ட் வந்ததும் சிலர் பயந்துபோய் இரண்டாவது முறையும் பணம் கட்டிவிடுகிறார்கள். சிலர், நாம்தான் கட்டிவிட்டோமே என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் சலானை இணைத்து, "ஏற்கெனவே கட்டிவிட்டேன், ரத்து செய்யுங்கள்" என்று பதில் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் டிமாண்ட் நின்ற இடத்திலேயே நிற்கிறது. செய்யவேண்டியதைச் செய்த பிறகும் ஏன் இப்படி என்று அவர்களுக்குப் புரிவதில்லை.

காரணம் இதுதான். சலான், பணம் அரசிடம் போய்ச் சேர்ந்ததைக் காட்டுகிறது. அந்தப் பணம் உங்கள் ரிட்டர்னோடு ஏன் சேரவில்லை என்பது தனிக் கேள்வி. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால்தான் டிமாண்ட் விழும். ஆகவே டிமாண்டை மறுத்துப் பதில் கொடுப்பது ஒரு வேலை, பழுதைத் திருத்தச் சொல்லிக் கேட்பது இன்னொரு வேலை. முதல் வேலை உங்கள் மறுப்பைப் பதிவு செய்கிறது. கணக்கை நேராக்குவது இரண்டாவது வேலை.

பணம் எப்படிச் சேர்கிறது?

வருமான வரி கட்டும்போது உருவாகும் ஒவ்வொரு சலானுக்கும் ஓர் அடையாளம் உண்டு. பணம் பெற்ற வங்கிக் கிளையைக் குறிக்கும் ஏழு இலக்க பி.எஸ்.ஆர். குறியீடு, பணம் செலுத்திய தேதி, ஐந்து இலக்கச் சலான் வரிசை எண் ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. சி.ஐ.என். என்று சொல்வது இதைத்தான். இவற்றோடு உங்கள் பான் எண், எந்த மதிப்பீட்டு ஆண்டுக்கான வரி, எந்த வகை வரி ஆகிய விவரங்களும் சலானில் இருக்கும். வகைகளுக்கும் எண்கள் உண்டு. முன்கூட்டியே கட்டும் வரிக்கு 100, ரிட்டர்னோடு நாமே கணக்கிட்டுக் கட்டும் வரிக்கு 300, துறை கேட்ட பிறகு கட்டும் வரிக்கு 400.

நீங்கள் ரிட்டர்னில் எழுதிய சலான் விவரத்தைப் பெங்களூரு மையத்தின் கணினி எடுத்துக்கொள்ளும். உங்கள் பான் எண்ணின் கீழ், அதே ஆண்டில், அதே விவரத்தோடு ஒரு சலான் இருக்கிறதா என்று தேடும். இருந்தால் வரவு வைக்கும். ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் வரவு கிடைக்காமல் போகலாம். அந்த நேரத்தில் அதிகாரி யாரும் உட்கார்ந்து உங்கள் ரசீதைப் பார்ப்பதில்லை. கட்டிய வரிக்கு டிமாண்ட் வருவதில் பெரும்பகுதி இந்த ஒப்பிடும் இடத்தில்தான் பிறக்கிறது.

முதலில் கடிதத்தைப் படியுங்கள்

வருவது உண்மையான அறிவிப்புதானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் வரித் துறை பெயரில் மோசடி மின்னஞ்சல்களும் சுற்றுகின்றன. மின்னஞ்சலில் உள்ள இணைப்பு எதையும் அழுத்தாமல், incometax.gov.in தளத்துக்கு நேராகப் போய் உங்கள் கணக்கில் நுழைந்து பாருங்கள். உண்மையான டிமாண்ட் அங்கே இருக்கும். அறிவிப்பில் உள்ள ஆவண எண்ணை அந்தத் தளத்தின் முகப்பிலேயே கொடுத்தும் சரிபார்க்கலாம்.

அறிவிப்பு பி.டி.எஃப். கோப்பாக வரும். அதைத் திறக்கும் கடவுச்சொல், பான் எண்ணைச் சிறிய எழுத்துகளில் எழுதி, அதையொட்டிப் பிறந்த தேதியை நாள், மாதம், ஆண்டு என்று எட்டு இலக்கமாக எழுதுவது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 143(1) பிரிவின் கீழ் வரும் இந்த அறிவிப்பில் இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்றில் நீங்கள் ரிட்டர்னில் சொன்ன தொகைகள், அடுத்ததில் துறை கணக்கிட்ட தொகைகள். இரண்டையும் வரிவரியாக ஒப்பிட்டுக்கொண்டே வாருங்கள். எந்த வரியில் முதன்முதலாக வேறுபாடு வருகிறதோ அங்கேதான் பிரச்சினை.

வருமானத்திலோ கழிவிலோ வேறுபாடு இருந்தால் அது வேறு வழக்கு. துறை உங்கள் கணக்கையே ஏற்கவில்லை என்று பொருள். அதற்குச் சலானை இணைத்துப் பயனில்லை. வருமானமும் வரியும் இரண்டு பத்தியிலும் ஒன்றாக இருந்து, 'கட்டிய வரி' என்ற இடத்தில் மட்டும் உங்கள் பக்கம் தொகையும் துறையின் பக்கம் பூஜ்யமும் இருந்தால், பணம் சேரவில்லை என்பது உறுதி.

ஓர் உதாரணக் கணக்கு

தஞ்சாவூரில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது 67. ஓய்வூதியமும் வங்கி வைப்புநிதி வட்டியும்தான் வருமானம். 2023-24 நிதியாண்டில், நிலைக்கழிவு ரூ.50,000 போக, அவருடைய மொத்த வருமானம் ரூ.8,40,000. புதிய வரித் திட்டத்தில் முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 3 லட்சத்துக்கு 5 சதவீதம், மீதி ரூ.2,40,000க்கு 10 சதவீதம். ஆக ரூ.15,000மும் ரூ.24,000மும் சேர்ந்து ரூ.39,000. அதன்மேல் 4 சதவீதக் கூடுதல் வரி ரூ.1,560 சேர்த்தால் ரூ.40,560. ஓய்வூதியத்திலும் வட்டியிலும் டி.டி.எஸ். ஆகப் பிடித்தது ரூ.21,840. பாக்கி ரூ.18,720. அதை 2024 ஜூலை 20 அன்று தளத்திலேயே கட்டி, அன்றே ரிட்டர்னும் தாக்கல் செய்துவிட்டார்.

செப்டம்பரில் ரூ.18,720க்கு டிமாண்ட் வந்தது. வட்டி ஒரு ரூபாய்கூடச் சேரவில்லை. 60 வயதைக் கடந்து, வியாபாரமோ தொழிலோ இல்லாதவர்களுக்கு முன்கூட்டி வரி கட்டும் கடமை கிடையாது. கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டதால் தாமத வட்டியும் இல்லை. ஆகவே டிமாண்ட் தொகை சலான் தொகையோடு அப்படியே பொருந்திற்று. இப்படிப் பொருந்துவது நல்ல துப்பு. 60 வயதுக்கு உட்பட்டவராக இருந்தால் 234பி பிரிவு வட்டி மேலே ஏறி, தொகை சற்றுப் பெரிதாகத் தெரியலாம். சலான் கணக்கில் சேர்ந்ததும், பணம் கட்டிய நாளுக்குப் பிந்தைய வட்டி விழுந்துவிடும். அதற்கு முந்தைய காலத்துக்கு உண்மையிலேயே வட்டி இருந்தால் அது மட்டும் நிற்கும்.

ஆசிரியை தளத்தில் e-Pay Tax பகுதிக்குப் போய், Payment History என்ற இடத்தில் சலானை இறக்கிப் பார்த்தார். பெயர், பான் எண், தொகை எல்லாம் சரி. ஆனால் மதிப்பீட்டு ஆண்டு 2025-26 என்று இருந்தது. ஜூலை 2024 என்பது 2024-25 நிதியாண்டு. அந்த நிதியாண்டின் வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2025-26. அவர் கட்டியதோ அதற்கு முந்தைய ஆண்டின் வருமானத்துக்கான வரி. அதற்கு 2024-25 என்று தேர்ந்திருக்க வேண்டும். பணம் அரசிடம்தான் இருக்கிறது, ஆனால் அடுத்த ஆண்டின் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது.

பழுது எந்தப் பக்கம்?

இதுபோன்ற டிமாண்டுகளில் பெரும்பாலும் மூன்று நிலைகளைப் பார்க்கலாம். மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு.

முதல் நிலையில் சலான் சரியாக இருக்கும், ரிட்டர்னில் அதை எழுதியதில் பிழை இருக்கும். சலான் விவரத்தை எழுதவே மறந்திருக்கலாம். வரிசை எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருக்கலாம். வங்கியில் பணம் எடுக்கப்பட்ட தேதியை எழுதியிருப்பார்கள், சலானில் வேறு தேதி இருக்கும். இங்கே திருத்த வேண்டியது ரிட்டர்னை. தளத்தில் Services பட்டியலில் Rectification என்று இருக்கிறது. அதில் Tax credit mismatch correction என்பதைத் தேர்ந்து, சலான் விவரத்தைச் சரியாக எழுதி அனுப்பினால் போதும். யாரையும் நேரில் பார்க்கத் தேவையில்லை.

இரண்டாவது நிலையில் ரிட்டர்ன் சரி, சலானில் பிழை. ஆசிரியைக்கு நேர்ந்தது இது. ஆண்டு மாறியிருக்கும், அல்லது வகை மாறியிருக்கும், அல்லது குடும்பத்தில் ஒருவர் பான் எண்ணில் இன்னொருவர் வரி போயிருக்கும். இங்கே முதலில் சலானைத் திருத்த வேண்டும். அது திருந்தாமல் ரிட்டர்னை எத்தனை முறை மறுபரிசீலனைக்கு அனுப்பினாலும் கணினி அதே விடையைத்தான் தரும்.

மூன்றாவது நிலையில் டிமாண்ட் நியாயமானதுதான், அது வந்த பிறகு கட்டியும் விட்டார்கள். ஆனால் கட்டிய சலான் அந்த டிமாண்டோடு இணையவில்லை. வகை 400க்குப் பதில் 300 என்று போட்டிருப்பார்கள். அல்லது டிமாண்ட் பக்கத்திலிருந்து கட்டாமல் தனியாகக் கட்டியிருப்பார்கள். இவர்கள் செய்யவேண்டியது, கட்டிய விவரத்தை டிமாண்ட் பக்கத்திலேயே போய்ச் சொல்வதுதான்.

மறுப்பைப் பதிவு செய்வது

உங்கள் நிலை எது என்று தெரிந்ததும், முதல் வேலையாக டிமாண்டுக்குப் பதில் கொடுத்துவிடுங்கள். தளத்தில் Pending Actions பகுதியில் Response to Outstanding Demand என்று இருக்கும். அதைத் திறந்தால் ஆண்டுவாரியாக டிமாண்டுகள் வரிசையாக நிற்கும். உரிய டிமாண்டில் பதில் கொடுக்க முனைந்தால் இரண்டு பாதைகள் வரும். ஒன்று Demand is correct, அதாவது டிமாண்ட் சரி. மற்றது Disagree with demand, அதாவது முழுவதையோ ஒரு பகுதியையோ மறுப்பது.

இங்கே அவசரப்படக் கூடாது. சரி என்று ஒப்புக்கொண்டு பதிவு செய்துவிட்டால், பிறகு அதே டிமாண்டை மறுக்க முடியாது. மூன்றாவது நிலையில் இருப்பவர்கள், அதாவது டிமாண்டை ஏற்று அதன் பிறகு கட்டியவர்கள், இந்தப் பாதையில் போய் 'ஏற்கெனவே கட்டியாயிற்று' என்று சொல்லலாம். டிமாண்ட் வருவதற்கு முன்பே கட்டியவர்கள் மறுக்கும் பாதையில்தான் போக வேண்டும்.

காரணத்தைத் தேர்ந்ததும் சலான் விவரங்களைக் கேட்கும். வகை, தொகை, பி.எஸ்.ஆர். குறியீடு, வரிசை எண், தேதி எல்லாவற்றையும் சலானைப் பார்த்து நிரப்பி, அதன் பி.டி.எஃப். நகலை இணைக்க வேண்டும். குறிப்பு எழுதும் இடத்தை வெற்றாக விடாதீர்கள். அங்கே ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதுவது நடைமுறைக்கு ஏற்றது. ஆசிரியை எழுதியதன் சாரம் இது:

"டிமாண்ட் தொகையான ரூ.18,720ஐ 20.07.2024 அன்றே செலுத்தியுள்ளேன். சலானில் மதிப்பீட்டு ஆண்டு 2024-25 என்பதற்குப் பதில் 2025-26 என்று தவறாகப் பதிவாகியுள்ளது. திருத்தக் கோரி மதிப்பீட்டு அதிகாரியிடம் விண்ணப்பிக்கிறேன். சலான் நகல் இணைப்பில். இத்தொகையை வேறெந்த ஆண்டிலும் வரவாகக் கோரவில்லை."

எவ்வளவு, எப்போது, எங்கே பழுது, அதற்கு என்ன செய்கிறேன் என்று நான்கையும் இது சொல்லிவிடுகிறது. பதிவு செய்ததும் வரும் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் முறையிட நேர்ந்தால் அதுதான் சாட்சி.

எது ஆதாரம்?

பணம் போனதாக வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தி ஆதாரமாகாது. வங்கிக் கணக்கு அறிக்கையும் தனியாகப் போதாது. பணம் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறியதை அது சொல்லும், எந்த ஆண்டுக்கு எந்தப் பான் எண்ணில் வரவானது என்பதைச் சொல்லாது. மேலே சொன்ன மூன்று அடையாளங்களும் உள்ள சலான்தான் முதன்மை ஆதாரம். வங்கி அறிக்கை அதற்குத் துணையாக நிற்கும்.

இன்னோர் ஆதாரம் துறையிடமே இருக்கிறது. வருடாந்திரத் தகவல் அறிக்கை என்று தளத்தில் இருப்பதைத் திறந்தால், நீங்கள் கட்டிய வரி எந்த ஆண்டின் கீழ் பதிவாகியிருக்கிறது என்று தெரியும். முன்பு இதை 26ஏஎஸ் படிவத்தில் பார்ப்பார்கள். 2023-24 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அந்தப் படிவம் டி.டி.எஸ்., டி.சி.எஸ். விவரங்களோடு நின்றுவிடுகிறது. சலான் அதில் தெரியவில்லை என்று பதறாமல் தகவல் அறிக்கையைப் பாருங்கள். உரிய ஆண்டில் இல்லையென்றால் முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளைப் பாருங்கள். எந்த ஆண்டிலும் இல்லையென்றால் பணம் துறைக்கு வந்து சேரவே இல்லை என்று பொருள். அப்போது போக வேண்டிய இடம் வங்கி.

சலானைத் திருத்துவது

தளத்தில் Services பட்டியலில் Challan Correction என்று ஒரு வசதி இருக்கிறது. ஆண்டையும் வகையையும் நாமே மாற்றலாம். ஆனால் அதற்குக் கெடு உண்டு. மதிப்பீட்டு ஆண்டை மாற்றப் பணம் கட்டியதிலிருந்து 7 நாள். வகையை மாற்ற 30 நாள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிழை நடந்தது நமக்குத் தெரியவருவது டிமாண்ட் வரும்போதுதான். அதற்குள் இந்தக் கெடுக்கள் கடந்துபோயிருக்கும். ஆசிரியைக்கும் அதுதான் நடந்தது.

கெடு போனால் உங்கள் வட்டார மதிப்பீட்டு அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஏ.ஓ. என்று ஆடிட்டர்கள் சொல்வது இவரைத்தான். உங்கள் பான் எண் எந்த அதிகாரியின் கீழ் இருக்கிறது என்பதைத் தளத்திலேயே பார்க்கலாம். வேலை நிமித்தமாக வேறு ஊரில் பான் எண் வாங்கி, பிறகு ஊர் மாறியவர்களுக்கு அதிகாரி பழைய ஊரிலேயே இருக்கக்கூடும். ஆகவே பக்கத்தில் உள்ள அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்துவிடாமல், சரியான அதிகாரி யார் என்று பார்த்துக் கொடுங்கள்.

விண்ணப்பத்தின் உடல் இப்படி இருக்கலாம்:

"ஐயா,

பொருள்: சலானில் மதிப்பீட்டு ஆண்டைத் திருத்தி, 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கான டிமாண்டை ரத்து செய்யக் கோருதல்.

மேற்படி ஆண்டுக்கு நான் செலுத்த வேண்டிய சுய மதிப்பீட்டு வரி ரூ.18,720ஐ 20.07.2024 அன்று செலுத்தினேன். அதன் பி.எஸ்.ஆர். குறியீடும் வரிசை எண்ணும் இணைப்பில் உள்ள சலானில் காண்க. செலுத்தும்போது மதிப்பீட்டு ஆண்டு 2025-26 என்று தவறாகத் தேர்வாகிவிட்டது. அதனால் என் ரிட்டர்னில் இத்தொகைக்கு வரவு கிடைக்காமல், 143(1) பிரிவின் கீழ் அதே தொகைக்கு டிமாண்ட் எழுந்துள்ளது.

இத்தொகையை 2025-26 ஆண்டுக்கோ வேறெந்த ஆண்டுக்கோ நான் வரவாகக் கோரவில்லை, கோரவும் மாட்டேன். சலானில் மதிப்பீட்டு ஆண்டை 2024-25 என்று திருத்தியும், அதன்பின் எழுந்துள்ள டிமாண்டை ரத்து செய்தும் உதவும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: சலான், அன்றைய பதிவைக் காட்டும் வங்கி அறிக்கைப் பக்கம், 143(1) அறிவிப்பு, ரிட்டர்ன் ஒப்புகை, டிமாண்டுக்குத் தளத்தில் அளித்த பதிலின் நகல்."

வேறெந்த ஆண்டிலும் கோரவில்லை என்ற வாக்கியம் முக்கியம். ஏற்கெனவே ஒரு ரிட்டர்னில் வரவு வைக்கப்பட்ட சலானை இன்னொரு ஆண்டுக்கு நகர்த்த முடியாது. அதனால் இந்த விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது, தவறான ஆண்டுக்கான அடுத்த ரிட்டர்னில் அந்தத் தொகையை வரவாகக் காட்டிவிடாதீர்கள். ரிட்டர்ன் போடும்போது படிவத்தில் தானாகவே வந்து நிற்கக்கூடும். அதைக் கவனித்து நீக்க வேண்டும். நீக்காவிட்டால் திருத்தத்துக்கான வழியை நாமே அடைத்ததாகிவிடும்.

விண்ணப்பத்தை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் அதன் ரசீதை வைத்திருங்கள்.

ரிட்டர்னை மறுபடி ஓட்டச் சொல்வது

சலான் திருந்திவிட்டால் தகவல் அறிக்கையில் அது சரியான ஆண்டின் கீழ் தெரியும். அப்படித் தெரிந்த பிறகும் டிமாண்ட் தானாக மறையும் என்று காத்திருக்க வேண்டாம். Rectification பகுதிக்குப் போய் Reprocess the return என்பதைத் தேர்ந்து கோரிக்கை வையுங்கள். ரிட்டர்னில் எதையும் மாற்றத் தேவையில்லை. அதே ரிட்டர்னை, இப்போது திருந்தியிருக்கும் சலானோடு மறுபடி ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். பணம் கட்டிய தேதி 2024 ஜூலை 20 என்றே இருப்பதால், ஆசிரியைக்கு இடைப்பட்ட காலத்துக்கு வட்டி எதுவும் வராது.

இந்த வரிசையை மாற்றக் கூடாது. பலர் சலான் திருந்துவதற்கு முன்பே மறுபரிசீலனை கேட்டுவிடுகிறார்கள். டிமாண்ட் மாறாமல் அதே விடை திரும்பி வருகிறது. துறை நியாயம் பார்க்கவில்லை என்று மனம் நொந்துபோகிறார்கள். முதலில் சலான், பிறகு தகவல் அறிக்கையில் உறுதி, அதன் பிறகே மறுபரிசீலனை.

இந்தத் திருத்தத்துக்கு அடிப்படை சட்டத்தின் 154ஆம் பிரிவு. உத்தரவு பிறந்த நிதியாண்டு முடிந்து நான்கு ஆண்டு வரை கேட்கலாம். விண்ணப்பம் கிடைத்த மாத முடிவிலிருந்து ஆறு மாதத்துக்குள் துறை முடிவு சொல்ல வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. அது கடந்தால் தளத்தின் Grievances பகுதியில், பரிவர்த்தனை எண்ணையும் விண்ணப்பத் தேதியையும் குறிப்பிட்டு முறையிடலாம். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. அதில் பிரிவு எண்கள் வேறு. மதிப்பீட்டு ஆண்டு என்ற ஏற்பாடும் போய், வரி ஆண்டு என்று ஒன்றே வருகிறது. பழைய ஆண்டுகளின் டிமாண்டுகளுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும்.

பேசாமல் இருந்தால் என்ன ஆகும்?

டிமாண்ட் வந்து 30 நாள் கடந்தால், 220(2) பிரிவின் கீழ் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி ஓடத் தொடங்கும். மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே கணக்காகும். டிமாண்ட் ரத்தானால் இந்த வட்டியும் அதோடு போய்விடும்.

பெரிய இழப்பு வேறு வழியில் வரும். அடுத்த ஆண்டு உங்களுக்கு ரீஃபண்ட் வர வேண்டியிருந்தால், 245ஆம் பிரிவின் கீழ் அதைப் பழைய டிமாண்டில் கழித்துக்கொள்ளத் துறைக்கு அதிகாரம் உண்டு. கழிப்பதற்கு முன் உங்களுக்கு அறிவிப்பு வரும். பதில் சொல்ல 21 நாள் கொடுப்பார்கள். பதில் இல்லையென்றால் கழித்துவிடுவார்கள். முன்பு டிமாண்டை மறுத்திருந்தாலும், இந்த அறிவிப்புக்கும் தனியாகப் பதில் கொடுத்து, முந்தைய மறுப்பின் பரிவர்த்தனை எண்ணைச் சுட்டிக்காட்டுங்கள்.

மிகப் பழைய டிமாண்டுகள் தளத்தில் நின்று, சலானும் கையில் இல்லாதவர்களுக்கு ஒரு செய்தி உண்டு. 2010-11 மதிப்பீட்டு ஆண்டு வரைக்கும் ஆண்டுக்கு ரூ.25,000 வரையிலான டிமாண்டுகளையும், 2011-12 முதல் 2015-16 வரைக்கும் ரூ.10,000 வரையிலான டிமாண்டுகளையும் தள்ளுபடி செய்து 2024 பிப்ரவரியில் மத்திய நேரடி வரிகள் வாரியம் உத்தரவிட்டது. ஒருவருக்கு மொத்த உச்சவரம்பு ரூ.1 லட்சம். உங்கள் பழைய டிமாண்ட் அதில் மறைந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்தில் பிடித்த வரிக்கு டிமாண்ட் வந்தால்

இன்னொரு வகையினருக்குச் சலானே கிடையாது. முதலாளி சம்பளத்தில் வரியைப் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் விட்டிருப்பார். ஊழியருடைய கணக்கில் டி.டி.எஸ். தெரியாது. டிமாண்ட் ஊழியருக்கு வரும். பிடித்த அளவுக்கான வரியை ஊழியரிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று 205ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அப்படிப்பட்டவர்களிடம் கட்டாய வசூல் வேண்டாம் என்று 2015 ஜூனில் வாரியமும் தன் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது, 2016 மார்ச்சில் அதை வலியுறுத்தியும் இருக்கிறது.

ஆனால் வரி பிடித்தார்கள் என்று காட்ட வேண்டியவர் ஊழியர். மாதாந்திரச் சம்பளச் சீட்டு, அதில் கண்ட நிகரத் தொகை வந்து சேர்ந்ததைக் காட்டும் வங்கி அறிக்கை, கிடைத்திருந்தால் 16ஆம் படிவம், முதலாளிக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் இங்கே ஆதாரம். இவற்றை இணைத்து, 205ஆம் பிரிவைக் குறிப்பிட்டு மதிப்பீட்டு அதிகாரிக்கு எழுத வேண்டும். இந்தப் பாதுகாப்புக்கும் ஓர் எல்லை உண்டு. வசூலிப்பதை அது தடுக்கிறது, ஆனால் துறையின் கணினியில் டிமாண்ட் தொடர்ந்து நிற்கக்கூடும். அதனால் ரீஃபண்டைக் கழிக்கும் அறிவிப்பு வருகிறதா என்று ஒவ்வோர் ஆண்டும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேலை செய்யும் நிறுவனம் வரியைப் பிடிக்கும்போதே, காலாண்டுக்கு ஒருமுறை 26ஏஎஸ் படிவத்தில் அது வந்திருக்கிறதா என்று பார்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும்.

கட்டும் நாளிலேயே ஒரு பார்வை

சலானில் ஆண்டை நாமே மாற்றிக்கொள்ள 7 நாள் இருக்கிறது. டிமாண்ட் வந்து பழுதைக் கண்டுபிடிப்பவருக்கு அந்த 7 நாள் கிடைப்பதில்லை. பணம் கட்டிய அன்றே சலானை இறக்கிப் பார்ப்பவருக்குத்தான் கிடைக்கிறது. மூன்றே விவரங்களைப் பார்த்தால் போதும். பான் எண் உங்களுடையதா, மதிப்பீட்டு ஆண்டு நீங்கள் ரிட்டர்ன் போடும் ஆண்டா, வகை சரியா. அதைப் பார்த்த பிறகு, சலானைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு ரிட்டர்னில் எண்களை ஏற்றுங்கள். ஆடிட்டரிடம் கொடுப்பவர்களும் தொகையை மட்டும் சொல்லாமல் சலானையே அனுப்புங்கள்.

ஏற்கெனவே டிமாண்ட் வந்துவிட்டவர்கள், அது ரத்தானதாகச் செய்தி வந்ததோடு விட்டுவிட வேண்டாம். டிமாண்ட் பக்கத்தைத் திறந்து, அந்த ஆண்டுக்கு நிலுவை எதுவும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து, திருத்த உத்தரவைச் சலானோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த உத்தரவில் துறையின் பத்தியிலும் உங்கள் தொகை ஏறியிருந்தால்தான் வேலை முடிந்தது.